கறுப்புக் கறையும் பழுப்பு வட்டமும்: ஆப்பிள், பேரிக்காயைப் படம் பார்த்து மதிப்பிடுதல்

கெடாவில் ஆப்பிள் மரம் கிடையாது. குளிர்காலம் இல்லாத ஊரில் அது எளிதில் பூத்துக் காய்க்காது. சுங்கை பட்டாணி கடைத்தெருவிலும், பாடாங் செராய் பாசார் மாலாமிலும், பீடோங் பக்கத்துத் தோட்டத்து மளிகைக் கடையிலும் நாம் வாங்கும் ஆப்பிளும் பேரிக்காயும் சீனா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து குளிர்பெட்டியில் வருபவை. மரத்தில் இருந்தபோது அந்தப் பழத்துக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. மாங்காயிலோ கொய்யாவிலோ ஒரு கறையைக் கண்டால் அது எதனால் வந்தது என்று தோட்டத்துப் பெரியவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். ஆப்பிளில் அதே போன்ற கறையைக் கண்டால் அவர்களும் தயங்குகிறார்கள்.

இப்போது பழப்பெட்டி வாங்குவதும் விற்பதும் பாதி தொலைபேசியில்தான் நடக்கிறது. கோயில் திருவிழாவுக்கோ பரிசத்தட்டுக்கோ பெட்டி சொல்லிவிடுகிறோம். பெட்டி வந்ததும் திறந்து பார்த்து, கறை இருந்தால் படமெடுத்து அனுப்புகிறோம். படத்தைப் பார்ப்பவர் அதைத் தோலோடு நிற்கும் கறை என்று சொல்ல வேண்டும், அல்லது அழுகல் என்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பை எப்படிச் சொல்வது என்பதே இந்த அத்தியாயம். கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் இது ஒன்றாகவே பயன்படும்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் கண் கறுப்பைக் கண்டு பயப்படுகிறது, பழுப்பை மன்னித்துவிடுகிறது. கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை, விஷம் என்று எண்ணுகிறோம். பழுப்பு வட்டம் என்றால் எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ஆப்பிள், பேரிக்காய் விஷயத்தில் பல நேரம் நிலைமை இதற்கு நேர்மாறானது.

சொறி என்பது என்ன

ஆப்பிள் சொறி நோயை உண்டாக்குவது வென்ச்சூரியா இனாகுவாலிஸ் என்னும் பூஞ்சை. ஐரோப்பிய வகைப் பேரிக்காயில் வென்ச்சூரியா பைரினாவும், சீன, ஜப்பானிய வகைகளில் வென்ச்சூரியா நாஷிகோலாவும் இதே வேலையைச் செய்கின்றன. உதிர்ந்து கிடக்கும் இலைகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் மழை பெய்யும்போது இந்தப் பூஞ்சை தன் வித்துகளைக் காற்றில் விடுகிறது. இலையும் பிஞ்சும் சில மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும், தொற்றிக்கொள்ளும். குளிர்ச்சியான மழைக்காலம்தான் அதற்குப் பிடித்த பருவம்.

பிஞ்சில் தொற்றிய இடத்தில் முதலில் ஆலிவ் பச்சை நிறத்தில் வெல்வெட் போன்ற பொட்டு தோன்றும். நாளாக ஆக அது கறுத்து, காய்ந்து, தக்கை போலக் கெட்டியாகும். பழம் வளரும், தக்கையான இடம் மட்டும் வளராது. அதனால் அந்தப் பக்கம் பழம் ஒடுங்கிக் கோணலாகும், சில வேளை வெடிக்கவும் செய்யும். பொட்டைச் சுற்றி வெள்ளை நிறத்தில் மெல்லிய தோல் கிழிந்து நிற்பதையும் பார்க்கலாம். இத்தனையும் தோலிலும் தோலை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரிலும் நடப்பவை. பொட்டின் மேல் கத்தியை வைத்து நறுக்கினால் கீழே சதை வெள்ளையாக, உறுதியாக இருக்கும்.

அறுவடைக்குச் சற்று முன்பு தொற்றினால் கதை வேறு மாதிரி போகும். பறிக்கும்போது பழம் பளிச்சென்று இருக்கும். குளிர்கிடங்கில் பல வாரங்கள் கிடந்த பிறகு குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள் எழும்பும். கெடாவரை வந்து சேரும் சொறியில் இந்த வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய சொறி உள்ள பழத்தை ஏற்றுமதிக் கூடத்திலேயே கழித்துவிடுவார்கள். இந்தப் புள்ளியோ அப்போது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கடைக்காரர் தன் கிடங்கில் வைத்துக் கெடுத்துவிட்டார் என்று வாங்கியவர் சண்டைக்குப் போவது இங்கேதான். தொற்று மரத்திலேயே வந்துவிட்டது. கிடங்கில் ஒரு பழத்திலிருந்து இன்னொரு பழத்துக்குச் சொறி தாவுவதில்லை.

இந்தியாவில் இதை நன்றாக அறிந்தவர்கள் காஷ்மீரிலும் ஹிமாச்சலிலும் உள்ள தோட்டக்காரர்கள். 1973இல் காஷ்மீரில் சொறி கொள்ளைநோயாகப் பரவியது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் 1977இல் தலைகாட்டி, 1983இல் பெரும் சேதம் செய்தது. அங்கே தோட்டக்காரர் இழந்தது சந்தை விலையைத்தான். சொறி பிடித்த ஆப்பிளைத் தின்ன முடியாது என்பதால் அல்ல, யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பதால் வந்த இழப்பு அது. தின்னலாமா என்பது ஒரு கேள்வி, விற்கலாமா என்பது வேறொரு கேள்வி. படத்தைப் பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகைக்கறை என்பது என்ன

இரண்டாவது கறையைப் புகைக்கறை என்று அழைப்போம். பழத்தின் மேல் கரிப்புகை பட்டது போல, ஓரம் தெளியாத மங்கலான கருந்திட்டுகள் படர்ந்திருக்கும். மஞ்சள், பச்சை ஆப்பிளில் பளிச்சென்று தெரியும், சிவப்பில் மறைந்துகொள்ளும். இதனோடு கூடவே, பளபளப்பான சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதையும் காணலாம். அது ஈப்புள்ளி. ஈ எச்சமிட்டது போல இருப்பதால் அந்தப் பெயர், ஈக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டும் பல வகைப் பூஞ்சைகள் சேர்ந்து செய்யும் வேலை. 1832இலேயே அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆப்பிளில் கண்டு புகைக்கறையை விவரித்து எழுதினார் ஷ்வைனிட்ஸ் என்னும் பூஞ்சையியலாளர்.

இந்தப் பூஞ்சைகள் வாழ்வது பழத்தின் மெழுகுப்படலத்தில். சதைக்குள் போவதில்லை. தோல் சீவினால் கறை முழுவதும் தோலோடு போய்விடும்.

நம் வீட்டு மாமரத்தின் இலையிலும் காயிலும் படியும் கரும்படலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மாமரத்தில் தத்துப்பூச்சியும் மாவுப்பூச்சியும் விடும் இனிப்பு நீரின் மேல் அந்தப் படலம் வளர்கிறது. விரலால் தேய்த்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும். ஆப்பிளின் புகைக்கறை மெழுகோடு ஒட்டியிருப்பதால் விரலுக்கு வராது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் மங்கும், முழுதாகப் போகாது. தேய்த்தும் போகவில்லை, அதனால் உள்ளே ஊறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சொறியோ புகைக்கறையோ மனிதருக்கு நோய் தருவதாகவோ, பழத்தில் நஞ்சு சேர்ப்பதாகவோ அறியப்படவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பின்விளைவு உண்டு. சொறி வெடித்த இடத்தின் வழியாகவும், புகைக்கறை அரித்த மெழுகின் வழியாகவும் பழம் வேகமாக நீரை இழக்கும், சுருங்கும். வெடிப்புக்குள் அழுகல் பூஞ்சை நுழையவும் வழியாகும். எனவே கறைப் பழத்தைக் கெட்டது என்று கழிக்க வேண்டாம், ஆனால் பெட்டியில் முதலில் தின்று தீர்க்க வேண்டியது அதுதான்.

அழுகல் எப்படித் தெரியும்

ஆப்பிளைக் கெடுப்பவற்றில் முதலிடம் நீலப் பூஞ்சைக்கு. காம்பு கழன்ற இடத்திலோ, நகம் பட்ட கீறலிலோ, அடிபட்ட இடத்திலோ தொடங்கும். வெளிர் பழுப்பு நிறத்தில், நீர் கோத்தது போல ஒரு வட்டம் தோன்றும். அதன் ஓரம் காம்பஸ் வைத்து வரைந்தது போலத் தெளிவாக இருக்கும். தொட்டால் அமுங்கும். கரண்டியால் தோண்டினால் கெட்ட சதை நல்ல சதையிலிருந்து தனியாகக் கழன்று வரும். நடுவில் வெள்ளையாகவும் பிறகு நீலப்பச்சையாகவும் பொடி எழும்புவது கடைசிக் கட்டம். பலர் அந்தப் பொடியைப் பார்த்த பிறகுதான் பழம் கெட்டது என்கிறார்கள். அதற்குள் பழத்தில் பாதி போயிருக்கும்.

நம் ஊர் வெக்கையில் இன்னொரு அழுகலும் வேகமாக நடக்கும். பழுப்பு வட்டம் உள்வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். நறுக்கினால் பழுப்பு நிறம் கூம்பு வடிவில் கொட்டைப் பக்கம் இறங்கியிருக்கும். இதைக் கசப்பழுகல் என்பார்கள். படத்தில் வளையம் தெரிந்தால் வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை.

நீலப் பூஞ்சையின் ஆபத்து வீணாகும் பணத்தோடு நிற்பதில்லை. அது பட்டுலின் என்னும் நஞ்சை உண்டாக்கும். ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் பட்டுலின் இருக்கக்கூடாது என்று சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் எல்லை வைத்திருக்கிறது. காய்ச்சினாலும் அது எளிதில் அழியாது. பழுப்பாகத் தெரியும் இடத்தைத் தாண்டி, பக்கத்தில் நன்றாகத் தெரியும் சதைக்குள்ளும் சிறிது தூரம் ஊறியிருக்கும். ஆகவே அழுகிய ஆப்பிளில் கெட்டதை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஜூஸ் அடிப்பது, பாயசத்தில் போடுவது, குழந்தைக்கு மசித்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள்.

படத்தில் எதைப் பார்ப்பது

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். தொலைபேசிப் படத்தில் நிறம் போலப் பொய் சொல்வது வேறெதுவும் இல்லை. சமையலறை மஞ்சள் விளக்கு பச்சை ஆப்பிளைப் பழுப்பாக்கும். பாசார் மாலாமில் நீலத் தார்ப்பாய் நிழலும், பழத்தின் மேல் தொங்கும் சிவப்பு மூடி போட்ட விளக்கும் பழுப்பு வட்டத்தையே மறைத்துவிடும். படத்தைத் தெளிவாக்குவதாக எண்ணிக்கொண்டு தொலைபேசி புள்ளிகளை இன்னும் கறுப்பாக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தோலின் மினுமினுப்பு. பழத்தின் மேல் விழும் வெளிச்சக் கோடு கறையைக் கடக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். கறையின் மேல் மினுமினுப்பு மங்கி, ஆனால் தோல் சமமாகவே போனால் புகைக்கறை. மினுமினுப்பு ஓரத்தில் உடைந்து, சொரசொரப்பாகி, கறையைத் தாண்டிய பின் மறுபடி தொடங்கினால் சொறி. நிறம் மட்டும் பழுப்பாக மாறி, மினுமினுப்பு உடையாமல் அப்படியே தொடர்ந்தால் சந்தேகப்படுங்கள். அழுகலின் முதல் கட்டத்தில் தோல் முழுதாகவே இருக்கும், கெடுவது அதற்குக் கீழே உள்ள சதை.

இரண்டாவதாக, கறை மேடா பள்ளமா என்று பார்க்க வேண்டும். இது நேரே மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. ஜன்னலோரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் தெரியும். சொறி சற்றே மேடு தட்டியோ வெடித்தோ நிற்கும். புகைக்கறை மேடும் இல்லை பள்ளமும் இல்லை. முற்றிய அழுகல் உள்வாங்கும், அதைச் சுற்றித் தோல் சுருங்கத் தொடங்கும்.

ஓரத்தையும் கவனிக்க வேண்டும். மேகம் போலக் கலைந்த ஓரம் புகைக்கறைக்கு, ஒழுங்கற்று வெடித்த ஓரம் சொறிக்கு, சீரான வட்டம் அழுகலுக்கு. பெரும்பாலும் இது சரிவரும். ஆனால் சொறியின் இளம்பொட்டும் வட்டமாக இருக்கலாம் என்பதால் ஓரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கறை எங்கே இருக்கிறது என்பதும் உதவும். காம்புக் குழிக்குள் தொடங்கி வெளியே பரவும் பழுப்பு என்றால் அழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். காம்பைச் சுற்றி மரப்பட்டை நிறத்தில் வரும் சொரசொரப்பு வேறு. அது பழத்தின் இயல்பு, குறிப்பாகத் தென்னாப்பிரிக்கப் பேக்கம் பேரிக்காயில் மிகச் சாதாரணம். பழத்தின் அடிப்பக்கம் குழிந்த சிறு பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. கசக்கும், ஆனால் அழுகல் அல்ல.

படம் எடுக்கும் முறை

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே படமெடுக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் பழம் வியர்க்கும். நீர்த்துளியின் நிழல் படத்தில் கறுப்புப் புள்ளியாகவே தெரியும். வியர்வை அடங்கும்வரை வைத்து, உலர்ந்த துணியால் துடைத்த பிறகு எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள், அப்போதுதான் பார்ப்பவருக்கு நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். நேராக ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, காம்புக் குழி ஒன்று எடுங்கள். அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். வெல்வெட்டும் ஈப்புள்ளியும் மறைந்து எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

அளவுக்குப் பழத்தின் பக்கத்தில் ஒரு 5 சென் காசை வையுங்கள். இப்போது புழங்கும் 5 சென்னின் விட்டம் 17.78 மில்லிமீட்டர், பரப்பு ஏறக்குறைய 2.5 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தர விதிப்படி, இரண்டாம் தர ஆப்பிளில் பரவிய தோல் குறைகள் மொத்தமாக இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பரப்பும் இதே 2.5 சதுர சென்டிமீட்டர்தான். அதற்குள் சொறி மட்டும் 1 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது காசில் பாதிக்கும் குறைவு. முதல் தரத்தில் சொறிக்கு 0.25 சதுர சென்டிமீட்டர், காசில் பத்தில் ஒரு பங்கு. அதே விதி அழுகிய பழத்தை எந்தத் தரத்திலும் சேர்ப்பதில்லை, அளவே கேட்பதில்லை. சொறியை அளந்து பார்க்கலாம், அழுகலை அளக்கத் தேவையில்லை என்ற இந்தப் பாகுபாடு நம் கடைக்கும் பொருந்தும். மலேசியாவில் உங்கள் கடைக்கு இது சட்டம் அல்ல. ஆனால் விலையைக் குறைப்பதா வேண்டாமா என்று இரு தரப்பும் பேசும்போது பிடித்துக்கொள்ள ஓர் அளவு கிடைக்கிறது.

ஒரு பெட்டியை எடுத்துப் பார்ப்போம்

பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. அர்ச்சனைத் தட்டுக்கு ஒரு பெட்டி பச்சை ஆப்பிள், ஒரு பெட்டி சிவப்பு ஆப்பிள், கொஞ்சம் பேரிக்காய் என்று சுங்கை பட்டாணி கடையில் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அம்மா கடைக்காரருக்குக் குரல் செய்தி விடுகிறார்.

“தம்பி, பச்சை ஆப்பிள் பூரா கறுப்பா இருக்கு. சாமிக்கு எப்படி வைக்கிறது? பேரிக்காய்லயும் சொறி சொறியா இருக்கு. பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க. சிவப்பு பரவால்ல, ரெண்டு மூணுதான் லேசா அடிபட்டிருக்கு.”

கூடவே மூன்று படங்கள். மூன்றும் இரவில், குழல் விளக்கின் கீழ், நேரே மேலிருந்து எடுத்தவை.

கடைக்காரர் இந்த இடத்தில் வாதாடத் தொடங்கக்கூடாது. அந்தப் படங்களை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. “அக்கா, காலையில வெளிச்சம் வந்ததும் துணியால துடைச்சிட்டு, ஜன்னல் ஓரமா வெச்சு, பக்கத்துல ஒரு 5 சென் காசு வெச்சு எடுத்து அனுப்புங்க. சிவப்புல அடிபட்டது எதுன்னு சொன்னீங்களோ, அதையும் எடுங்க” என்று கேட்பதுதான் சரி.

காலையில் வரும் படங்களில், பச்சை ஆப்பிளின் தோளில் புகை படர்ந்தது போன்ற திட்டு. ஓரம் கலைந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தின் கோடு அதன் மேல் மங்குகிறது, உடையவில்லை. திட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு ஈப்புள்ளிக் கூட்டம். ஈரத்துணியால் தேய்த்த பிறகு எடுத்த படத்தில் திட்டு சற்று வெளுத்திருக்கிறது. இது புகைக்கறை. தின்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் திட்டின் பரப்பு 5 சென் காசைவிடப் பெரிது, அதுவும் பல பழங்களில். முதல் தரம் என்று சொல்லி விற்றிருந்தால் வாங்கியவரின் குறை நியாயமானது. தட்டில் வைக்க அழகான பழம் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் பணம் கொடுத்தார். கடைக்காரர் விலையைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். கெட்ட பழத்தைக் கொடுத்தார் என்ற பழி மட்டும் அவர் மேல் விழக்கூடாது.

பேரிக்காயில் கறுத்துத் தக்கையான பொட்டு ஒன்று, நடுவில் வெடிப்பு, அந்தப் பக்கம் பழம் சற்று ஒடுங்கியிருக்கிறது. பழம் வளரும் காலத்திலேயே தொற்றியதற்கு இந்த ஒடுங்கலே சாட்சி. கடையில் வந்த கேட்டால் பழத்தின் வடிவம் மாறாது. பொட்டு காசில் கால் பங்குகூட இல்லை. ஒன்றை நறுக்கிப் படம் அனுப்பச் சொன்னால் சதை வெள்ளையாகவே இருக்கிறது. வெடிப்பின் அடியில் மட்டும் பழுப்பு தெரிந்தால் அந்தப் பழத்தை அன்றே தின்றுவிட வேண்டும், பழுப்பு உள்ளே இறங்கியிருந்தால் எறிய வேண்டும்.

இனி அந்தச் சிவப்பு ஆப்பிள். அம்மா பரவாயில்லை என்று சொன்ன பழம். காம்புக் குழியின் ஓரத்தில் வெளிர் பழுப்பு வட்டம். தோல் முழுதாக, மினுமினுப்போடு இருக்கிறது. ஓரம் சீராக இருக்கிறது. அடிபட்ட கன்றலும் படத்தில் இப்படித்தான் தெரியும். ஒரே படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இதற்கு ஒரு வழி உண்டு. வட்டத்தின் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு வரையுங்கள், படமெடுங்கள், பழத்தைத் தனியாக வெளியில் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். கன்றல் கோட்டுக்குள்ளேயே நிற்கும். அழுகல் கோட்டைத் தாண்டும். சொறியும் புகைக்கறையும் கோட்டைத் தாண்டா. நான்கில் எது என்று குழம்பும்போது காலத்தைச் சாட்சிக்கு அழைக்கும் இந்தப் பேனாக்கோட்டைவிட நம்பகமான சோதனை வீட்டில் இல்லை.

திருவிழா நாளை என்றால் காத்திருக்க நேரமில்லை. அப்போது கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் அமுங்கி நீர் கசிந்தால் அழுகல். கன்றலும் சற்று அமுங்கும், ஆனால் ஈரம் வராது. சந்தேகம் தீராவிட்டால் நறுக்குங்கள். இந்தப் பெட்டியில் நறுக்கியபோது பழுப்பு சதைக்குள் ஆழமாக இறங்கி, நல்ல சதையிலிருந்து தனியாகப் பிரிந்து நின்றது. நீலப் பூஞ்சை. பரவாயில்லை என்று விட்ட சிவப்புப் பெட்டிதான் முழுதாகக் கொட்டிப் பார்க்க வேண்டிய பெட்டி. கெட்ட பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பழங்களைத் தனியாக எடுத்துத் துடைத்து, காம்புக் குழியைப் பார்த்து, முதலில் பயன்படுத்த வேண்டும்.

படம் சொல்லாதவை

படத்தில் மணம் வராது. அழுகிய ஆப்பிளில் மண்வாடை போல ஒரு பூஞ்சை நாற்றம் உண்டு, அதை முகர்ந்து பார்த்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உறுதியும் படத்தில் தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கொட்டை அறையில் நடக்கும் அழுகல் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கலாம். அடிப்பக்கம் பூவின் காய்ந்த மிச்சம் இருக்கும் துளை சில வகைகளில் திறந்தே இருக்கும், ரெட் டெலிசியஸ் அப்படிப்பட்டது. அதன் வழியே பூஞ்சை நேராகக் கொட்டை அறைக்குள் போய்விடும். வெளியே மாசில்லாத பழத்தை நறுக்கினால் நடுவில் கருஞ்சாம்பல் நிறப் பஞ்சு இருக்கும். அது கொட்டை அறையோடு நின்றிருக்கிறதா, சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இறங்கியிருந்தால் எறிய வேண்டும்.

சிவப்பு நிறம் அடர்ந்த பழங்களில் புகைக்கறையும் இளம் அழுகலும் படத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டிக்குப் படம் மட்டும் பார்த்து நல்லது என்று சான்று கொடுக்காதீர்கள். கெட்டது என்று சொல்வதற்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

பழத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும், நறுக்கிய பழத்தின் படம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். விற்பவராக இருந்தால், பெட்டியை அனுப்பும் முன் மூன்று நான்கு பழங்களின் காம்புக் குழியைப் படமெடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பி வையுங்கள். கறை இருந்தால் கறை இருக்கிறது என்று சொல்லி, அதற்கேற்ற விலை வையுங்கள்.